தனிவழி போட்டால் திருட்டு நிற்காது

கிளவுட் கட்டமைப்பை விளக்கும் கூட்டங்களில் ஒரு வாக்கியம் தவறாமல் வரும். "நம்ம டேட்டா இன்டர்நெட்டைத் தொடறதே இல்ல சார், எல்லாம் பிரைவேட் எண்ட்பாயிண்ட் வழியாத்தான் போகுது." கேட்டுக்கொண்டிருக்கும் தணிக்கையாளர் தன் தாளில் ஒரு டிக் போடுவார். கூட்டம் அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடும். அந்த வாக்கியம் பெரும்பாலும் உண்மைதான். அதைப் பாதுகாப்பு என்று எழுதிக்கொள்வதுதான் தப்பு.

விஷயம் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். அமேசான் கிளவுடில் ஒரு நிறுவனம் தனக்கென்று ஒரு வலையமைப்பை வேலி கட்டி வைத்துக்கொள்ளலாம். அதற்கு வி.பி.சி. என்று பெயர். சர்வர்கள் அதற்குள் இருக்கும். ஆனால் கோப்புகளைச் சேமிக்கும் எஸ்3 சேவை அதற்குள் இல்லை. அது எல்லா வாடிக்கையாளர்களுக்கும் பொதுவானது, அதன் முகவரியும் பொது முகவரி. வேலிக்குள் இருக்கும் சர்வர் அதை எட்ட வேண்டுமானால், முன்பு இன்டர்நெட் கேட்வே அல்லது நாட் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. 2015இல் அமேசான் எஸ்3க்கு கேட்வே எண்ட்பாயிண்ட் என்ற வசதியைக் கொடுத்தது. 2017இல் பிரைவேட்லிங்க் வந்தது. அது நம் சப்நெட்டுக்குள்ளேயே ஒரு தனி ஐ.பி.யோடு நெட்வொர்க் கார்டு ஒன்றை வைத்து, அதன் வழியாகச் சேவைகளை எட்டச் செய்கிறது. அஸூரிலும் கூகுளிலும் இதற்கு இணையானவை உண்டு. நான் எஸ்3ஐ வைத்தே பேசப்போகிறேன்.

பொது நம்பிக்கையின் முதல் தூண், எண்ட்பாயிண்ட் இல்லாவிட்டால் நம் டேட்டா ஊரெல்லாம் சுற்றி இன்டர்நெட்டில் போகும் என்பது. அமேசானே தன் வி.பி.சி. கேள்வி பதில் பக்கத்தில் இதை மறுத்திருக்கிறது. அமேசான் வலையமைப்பில் புறப்பட்டு, அமேசான் வலையமைப்பிலேயே போய்ச் சேர வேண்டிய பாக்கெட்டுகள் பொது ஐ.பி. முகவரியில் போனாலும் அமேசானின் உலக வலையமைப்பை விட்டு வெளியே போவதில்லை. சீனப் பகுதிகள் மட்டும் விதிவிலக்கு. மும்பையில் இருக்கும் சர்வர் மும்பை எஸ்3க்கு நாட் கேட்வே வழியாகப் பேசினாலும் அந்தப் பேச்சு அமேசானின் கம்பிகளிலேயே ஓடுகிறது. அதுவும் டி.எல்.எஸ். குறியாக்கத்துக்குள். நடுவழியில் யாரோ ஒட்டுக்கேட்கும் அபாயத்தைத்தான் எண்ட்பாயிண்ட் தீர்த்தது என்றால், அந்த அபாயம் அங்கே அனேகமாக இருந்ததே இல்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கேட்வே எண்ட்பாயிண்ட் போட்ட பிறகும் சர்வர் எஸ்3ஐக் கூப்பிடுவது அதே பொது ஐ.பி.யில்தான். மாறுவது ரூட் டேபிளில் ஒரு வரி. எஸ்3இன் முகவரித் தொகுப்புக்குப் போகிற பாக்கெட்டுகளை `vpce-` என்று தொடங்கும் ஓர் இலக்கு நோக்கித் திருப்பிவிடும் வரி அது. அவ்வளவுதான்.

எண்ட்பாயிண்டினால் லாபமே இல்லை என்று நான் சொல்லவில்லை. உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. எஸ்3க்குத் தனிவழி கிடைத்ததும், சர்வருக்கு இன்டர்நெட் வழியே தேவையில்லை என்று மொத்தமாக அடைத்துவிடலாம். உள்ளே புகுந்த தீநிரல் தன் எஜமானனின் சர்வரைக் கூப்பிடப் பார்த்தால் வழி இருக்காது. இது பெரிய விஷயம். அலுவலகத்திலிருந்து டைரக்ட் கனெக்ட் மூலம் வருகிறவர்களுக்கும், இன்னொரு நிறுவனத்தின் சேவையை பிரைவேட்லிங்க் மூலம் வாங்குகிறவர்களுக்கும் பாதை நிஜமாகவே மாறுகிறது. இவ்வளவையும் ஒப்புக்கொண்டுதான் அடுத்த கேள்வியைக் கேட்கிறேன். வெளியே போக இப்போது வழியே இல்லையா?

இருக்கிறது. நாம் போட்ட எண்ட்பாயிண்டே அந்த வழி.

ஒரு கடன் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம், கற்பனையாக. மும்பைப் பகுதியில் `10.20.0.0/16` என்று ஒரு வி.பி.சி. இரண்டு பிரைவேட் சப்நெட்டுகள். இன்டர்நெட் கேட்வே இல்லை, நாட் கேட்வேயும் இல்லை. வாடிக்கையாளர்களின் அடையாள ஆவணங்கள் எஸ்3 பக்கெட் ஒன்றில் இருக்கின்றன. அவற்றைப் படித்து விவரங்களை எடுக்கும் ஒரு பைத்தான் நிரல் அங்கே ஓடுகிறது. கேட்வே எண்ட்பாயிண்டை உருவாக்கியபோது திரையில் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் இருந்தபடியே சரி என்று அடித்திருக்கிறார்கள். படத்தில் பார்த்தால் பக்காவாக மூடிய பெட்டி.

அந்த நிரல் பயன்படுத்தும் பைத்தான் பேக்கேஜ்களில் ஒன்று நஞ்சு கலந்தது என்று வையுங்கள். அதன் உள்ளே திருடன் தன் சொந்த அமேசான் அக்கவுண்டின் ஆக்ஸஸ் கீயை எழுதி வைத்திருக்கிறான். மும்பையிலேயே ஒரு பக்கெட்டும் திறந்து வைத்திருக்கிறான். கேட்வே எண்ட்பாயிண்ட் அதே பகுதியில் உள்ள பக்கெட்டுகளுக்குத்தான் வழிவிடும் என்பது அவனுக்குத் தெரியும். நிரல் ஓடும்போது அது ஆவணங்களைப் படித்து, திருடனின் கீயைக் கொண்டு, திருடனின் பக்கெட்டுக்கு `PutObject` அனுப்புகிறது. ரூட் டேபிள் பார்க்கிறது, எஸ்3 முகவரிதான், போ என்கிறது. செக்யூரிட்டி குரூப்பும் எஸ்3 முகவரிதான் என்று விட்டுவிடுகிறது. எண்ட்பாயிண்ட் தன் பாலிசியைப் பார்க்கிறது. பதில் 200 ஓகே. திருடன் தன் வீட்டிலிருந்து, சாதாரண இன்டர்நெட் வழியாக, தன் பக்கெட்டிலிருந்து ஆவணங்களை இறக்கிக்கொள்கிறான்.

எண்ட்பாயிண்ட் ஏன் விட்டது? தானாக வரும் பாலிசி இதுதான்:

```json
{
  "Statement": [{
    "Effect": "Allow",
    "Principal": "*",
    "Action": "*",
    "Resource": "*"
  }]
}
```

யார் வேண்டுமானாலும், எதை வேண்டுமானாலும், எங்கே வேண்டுமானாலும். நம் வீட்டிலிருந்து தபால் நிலையத்துக்கு யாரும் பார்க்க முடியாத ஒரு சுரங்கப்பாதை வெட்டியிருக்கிறோம். பாதை தனிப்பட்டதுதான். ஆனால் போய்ச் சேரும் தபால் நிலையம் ஊருக்கே பொதுவானது, திருடனுக்கும் அங்கே ஒரு பெட்டி இருக்கிறது.

இதைவிடக் கசப்பானது, தடயம் இல்லாமல் போவது. வி.பி.சி. ஃப்ளோ லாக்கைத் திறந்தால் எஸ்3இன் ஐ.பி.க்கு இத்தனை பைட் போனது என்று இருக்கும். நம் பக்கெட்டுக்குப் போனாலும் அதே ஐ.பி. தொகுப்பு, திருடனின் பக்கெட்டுக்குப் போனாலும் அதே தொகுப்பு. பக்கெட்டின் பெயர் ஃப்ளோ லாக்கில் பதிவதே இல்லை. கிளவுட்ட்ரெயிலிலும் எழுதிய பதிவு கிடைக்காது, ஏனென்றால் கீ அவனுடையது, பக்கெட்டும் அவனுடையது, பதிவு அவன் அக்கவுண்டுக்குப் போகும். எண்ட்பாயிண்ட் வழியாகப் போன அழைப்புகளை எண்ட்பாயிண்டின் சொந்தக்காரருக்கே காட்டும் பதிவு வசதியை அமேசான் 2025 பிப்ரவரியில்தான் பொதுப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. அதையும் நாமே இயக்க வேண்டும்.

"எங்க சர்வரோட ரோலுக்கு நம்ம பக்கெட்டைத் தவிர வேற எதுக்கும் அனுமதி இல்லையே?" என்று ஒரு பதில் வரும். நல்ல பழக்கம்தான், ஆனால் இங்கே உதவாது. திருடன் நம் ரோலைப் பயன்படுத்தி எழுதவில்லை, தன் கீயைக் கொண்டுவந்திருக்கிறான். நம் ஐ.ஏ.எம். பாலிசிக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்லை. அவனையும் நம்மையும் ஒன்றாகப் பார்க்கிற ஒரே காவல், நடுவில் நிற்கும் எண்ட்பாயிண்ட் பாலிசிதான். அதைத்தான் நாம் திறந்துபோட்டு வைத்திருக்கிறோம்.

இதற்கு மருந்து சிறியது. மேலே காட்டிய பாலிசியில் ஒரு நிபந்தனையைச் சேர்க்க வேண்டும்:

```json
"Condition": {
  "StringEquals": {
    "aws:PrincipalOrgID": "o-a1b2c3d4e5",
    "aws:ResourceOrgID": "o-a1b2c3d4e5"
  }
}
```

அழைப்பவரும் நம் ஆர்கனைசேஷனைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும், பக்கெட்டும் நம்முடையதாக இருக்க வேண்டும். முதல் வரி திருடனின் கீயை நிறுத்தும். இரண்டாவது வரி, நம் ரோலையே கைப்பற்றி வெளிப் பக்கெட்டுக்கு எழுதுவதை நிறுத்தும். சிலர் எழுதுவதை மட்டும் தடுத்தால் போதும், படிப்பதில் என்ன போய்விடும் என்று `PutObject`ஐ மட்டும் அடைப்பார்கள். படிப்பதிலும் போகும். திருடன் தன் பக்கெட்டில் ஆக்ஸஸ் லாகை இயக்கி வைத்துக்கொண்டு, திருடிய தகவலையே கோப்பின் பெயராக வைத்து `GetObject` அனுப்பச் செய்யலாம். அப்படி ஒரு கோப்பு இருக்காது, பிழைதான் வரும். ஆனால் கேட்ட பெயர் அவன் லாகில் பதிந்துவிடும்.

அப்படியானால் ஏன் எல்லோரும் இந்த நிபந்தனையைப் போடுவதில்லை? போட்ட மறுநாள் ஏதாவது உடையும், அதனால்தான். முதலில் உடைவது கண்டெய்னர் இழுப்பது. ஈ.சி.ஆரில் இமேஜின் அடுக்குகள் அமேசானுக்குச் சொந்தமான எஸ்3 பக்கெட்டில் இருக்கின்றன. மும்பைக்கு அதன் பெயர் `prod-ap-south-1-starport-layer-bucket`. அந்தப் பக்கெட் நம் ஆர்கனைசேஷனில் இல்லை, அதற்கான அழைப்பில் கையெழுத்திடுவதும் நாம் இல்லை. விளைவாக லாகின் நடக்கும், மேனிஃபெஸ்ட் வரும், அடுக்குகளை இறக்கும்போது மட்டும் 403 என்று நின்றுவிடும். எண்ட்பாயிண்ட் பாலிசியை மாற்றியவர் வேறு குழு, கண்டெய்னர் ஓட்டுபவர் வேறு குழு என்றால் இதைக் கண்டுபிடிக்கவே பாதி நாள் போகும். அமேசான் லினக்ஸ் 2 என்றால் `yum update`ம் நிற்கும், அந்த ரெப்பாசிட்டரியும் அமேசானின் எஸ்3 பக்கெட்டில்தான் இருக்கிறது. இந்தக் கட்டத்தில்தான் யாராவது ஒருவர் "இப்போதைக்குப் பழையபடியே வச்சிருங்க" என்கிறார். அந்த "இப்போதைக்கு" பிறகு மாறுவதே இல்லை.

தீர்வு எளிதானது. இந்தப் பக்கெட்டுகளுக்கு மட்டும் தனியாக ஓர் அனுமதி வரி எழுதி, அதில் `s3:GetObject` மட்டும் கொடுத்தால் போதும். அந்தப் பக்கெட்டுகளின் லாகைத் திருடன் படிக்க முடியாது, எனவே அந்த வரி அவனுக்குப் பயன்படாது. எந்தச் சேவை எந்தப் பக்கெட்டைத் தொடுகிறது என்று பட்டியல் எடுப்பது சலிப்பான வேலைதான். ஆனால் பிரைவேட் எண்ட்பாயிண்ட் வேலை என்பதே அதுதான். ரூட் டேபிளில் வரி சேர்ப்பது அதில் பத்து நிமிடம்.

இதுவரை பேசியது உள்ளிருந்து வெளியே போகும் திசை. எதிர்த் திசையிலும் இதே மயக்கம் இருக்கிறது. எண்ட்பாயிண்ட் போட்டதால் நம் பக்கெட்டை இனி அந்த வழியாக மட்டும்தான் எட்ட முடியும் என்று பலரும் நினைக்கிறார்கள். எண்ட்பாயிண்ட் ஒரு வழியைச் சேர்க்கிறது, இருக்கும் வழியை மூடுவதில்லை. செல்லுபடியாகும் கீ கையில் இருந்தால் உலகின் எந்த மூலையிலிருந்தும் அந்தப் பக்கெட்டைப் படிக்கலாம்.

2019 மார்ச்சில் அமெரிக்காவின் கேபிடல் ஒன் வங்கிக்கு நடந்ததை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். தவறாக அமைக்கப்பட்டிருந்த ஒரு ஃபயர்வால் சர்வரை ஏமாற்றி, அதன் ரோலுக்கு உரிய தற்காலிகச் சாவிகளை வெளியே எடுத்தார்கள். பிறகு அந்தச் சாவிகளைக் கொண்டு எஸ்3 பக்கெட்டுகளைப் பட்டியலிட்டு, உள்ளே இருந்ததை நகலெடுத்தார்கள். அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேரின் விவரங்கள் போயின. வங்கிக்கு 8 கோடி டாலர் அபராதம் விழுந்தது. புலனாய்வாளர்கள் நீதிமன்றத்தில் கொடுத்த மனுவின்படி, அந்த அழைப்புகள் டோர், வி.பி.என். முகவரிகளிலிருந்து வந்திருந்தன. வங்கியின் சொந்த டேட்டா எந்தப் பாதையில் பயணித்தது என்ற கேள்விக்கு இந்தக் கதையில் இடமே இல்லை. சாவி சரியா என்று எஸ்3 பார்த்தது, எங்கிருந்து வருகிறாய் என்று கேட்கவில்லை. கேட்கும்படி யாரும் அதற்குச் சொல்லியிருக்கவில்லை.

கேட்கச் சொல்வது பக்கெட் பாலிசியில். `aws:SourceVpce` என்பது நம் எண்ட்பாயிண்டின் அடையாள எண்ணாக இல்லாவிட்டால் `Deny` என்று ஒரு வரி. எண்ட்பாயிண்ட் என்ற பொருளின் ஆகப்பெரிய மதிப்பு என் பார்வையில் இதுதான். பாக்கெட் போகும் கம்பியை அது மாற்றியது இரண்டாம்பட்சம். அழைப்புக்கு ஒரு பிறப்பிட அடையாளம் கொடுத்தது, அதை வைத்துப் பாலிசி எழுத முடிகிறது என்பதே முதன்மை. அந்த வரியை எழுதாதவர் எண்ட்பாயிண்டை அமைத்துவிட்டு அதன் பயனை எடுக்காமல் விட்டவர்.

எழுதும்போது கவனம் வேண்டும். இந்த `Deny` வந்த கணமே உங்கள் பிரவுசரில் திறந்திருக்கும் அமேசான் கன்சோலும் வெளியாள்தான். நிர்வாகி தன் பக்கெட்டைத் தானே பார்க்க முடியாமல் போவார், பாலிசியைத் திருத்தவும் முடியாது. எண்ட்பாயிண்ட் வழியாக வரவும் முடியாவிட்டால், அக்கவுண்டின் ரூட் பயனரைக் கொண்டுதான் அந்தப் பாலிசியை நீக்க வேண்டியிருக்கும். அதீனா போல நம் சார்பில் எஸ்3ஐப் படிக்கும் சேவைகளும் நின்றுபோகும். அவற்றுக்கு `aws:ViaAWSService`, லாக் எழுதுவது போன்ற அமேசானின் சொந்த அழைப்புகளுக்கு `aws:PrincipalIsAWSService` என்று விலக்குகள் வைக்க வேண்டும்.

அஸூரில் இருப்பவர்கள் இது அமேசான் தலைவலி என்று நினைத்தால், பாதிதான் சரி. அங்கே பிரைவேட் எண்ட்பாயிண்ட் ஒரு குறிப்பிட்ட ஸ்டோரேஜ் அக்கவுண்டோடு கட்டப்படுகிறது, மொத்தச் சேவையோடு அல்ல. ஆகவே முதல் ஓட்டை இயல்பிலேயே சிறியது, அந்த வடிவமைப்பைப் பாராட்ட வேண்டும். ஆனால் எண்ட்பாயிண்டை உருவாக்கினால் மட்டும் ஸ்டோரேஜ் அக்கவுண்டின் பொதுவாசல் மூடிக்கொள்ளாது. வலையமைப்புக்குள்ளிருந்து `nslookup` செய்தால் `10.` என்று தொடங்கும் முகவரி வரும், எல்லோரும் திருப்தியாகிவிடுவார்கள். அதே பெயரை வீட்டிலிருந்து கேட்டால் பொது ஐ.பி. வரும், அங்கேயும் கதவு திறக்கும். `publicNetworkAccess` என்பதை `Disabled` ஆக்கும் வரை அப்படித்தான். தனிவழி மட்டும் போதாது என்பதைக் கூகுள் வெளிப்படையாகவே ஒத்துக்கொண்டது போல, தனிவழிக்கு ஒரு வசதியும், டேட்டா வெளியேறாமல் எல்லை கட்ட வி.பி.சி. சர்வீஸ் கன்ட்ரோல்ஸ் என்று தனியாக இன்னொன்றும் வைத்திருக்கிறது. முன்னதே போதுமானது என்றால் பின்னதை ஏன் உருவாக்க வேண்டும்?

டி.என்.எஸ். பற்றி ஒரு வார்த்தை. இன்டர்நெட் வழியே இல்லாத அமேசான் வி.பி.சி.யிலும் அமேசானின் டி.என்.எஸ். ரிசால்வர், தடுக்காத வரை, வெளியுலகப் பெயர்களைத் தேடித் தரும். திருடன் தன் டொமைனுக்கு முன்னால் தகவலைத் துண்டு துண்டாகச் சேர்த்துக் கேள்வி அனுப்பினால், அது ரிசால்வர் மூலம் அவனுடைய டி.என்.எஸ். சர்வருக்குப் போய்ச் சேரும். மெதுவான வழி, ஆனால் வழி. ரூட் 53 டி.என்.எஸ். ஃபயர்வால் இதற்காகவே இருக்கிறது.

செலவு வாதத்தை மட்டும் நான் எதிர்க்கவில்லை. வர்ஜீனியா பகுதியின் விலைப்பட்டியலில் நாட் கேட்வே ஒரு ஜி.பி.க்கு 4.5 சென்ட் வாங்குகிறது, எஸ்3 கேட்வே எண்ட்பாயிண்ட் இலவசம். மாதம் 10 டெராபைட் எஸ்3க்கு அனுப்புகிறவருக்கு 450 டாலருக்கு மேல் மிச்சம். அதற்காகவே போடலாம், அதைச் சொல்லிக்கொண்டே போடலாம். இன்டர்ஃபேஸ் எண்ட்பாயிண்டுக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு சேவைக்கும் ஒவ்வொரு அவைலபிலிட்டி ஸோனிலும் மணிக்கு 1 சென்ட் ஓடும். 10 சேவை, 3 ஸோன் என்றால் டேட்டா கட்டணம் போக மாதம் 219 டாலர். இவ்வளவு கொடுத்து வாங்கிய வாசலில் காவலாளிக்கு "எல்லோரையும் விடு" என்று உத்தரவு எழுதி வைப்பதுதான் எனக்குப் புரியவில்லை.

ஆகவே தணிக்கையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டமைப்புப் படத்தைக் கேட்காதீர்கள். இரண்டு சோதனைகளின் வெளியீட்டைக் கேளுங்கள். ஒன்று, வேலிக்குள் இருக்கும் சர்வரிலிருந்து, நிறுவனத்துக்குச் சம்பந்தமில்லாத ஓர் அக்கவுண்டின் கீயைக் கொண்டு அந்த அக்கவுண்டின் பக்கெட்டுக்கு ஒரு காலிக் கோப்பை அனுப்பிப் பார்த்தது. மற்றொன்று, அந்தச் சர்வரின் ரோலுக்கு உரிய தற்காலிகச் சாவியை வெளியே ஒரு மடிக்கணினியில் வைத்து, நிறுவனத்தின் பக்கெட்டைப் படிக்கப் பார்த்தது. இரண்டிலும் `AccessDenied` வர வேண்டும். ஒன்றில் வந்து இன்னொன்றில் வராவிட்டால் பாதி வேலை பாக்கி.

பொறியாளர்கள் அதற்குக்கூடக் காத்திருக்க வேண்டாம். இந்த ஒரு கட்டளையை இன்றே ஓட்டிப் பாருங்கள்:

```
aws ec2 describe-vpc-endpoints \
  --query "VpcEndpoints[].[VpcEndpointId,ServiceName,PolicyDocument]"
```

வரும் பாலிசியில் `Action`, `Principal`, `Resource` மூன்றுக்கும் நேராக நட்சத்திரக் குறி மட்டும் இருந்து, `Condition` இல்லாவிட்டால், அந்த எண்ட்பாயிண்டை நீங்கள் இன்னும் அமைத்து முடிக்கவில்லை.